812 பெட்டிகள், ஐந்து கட்டங்கள்: ஒரு கண்டெய்னர் நிரம்பும் கணக்கு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்தால் ஊறுகாய், நல்லெண்ணெய், சாம்பார் பொடி, முறுக்கு எல்லாம் ஒரே அலமாரியில் அருகருகே இருக்கும். பெரும்பாலும் இவை ஒரே கண்டெய்னரில்தான் கடல் கடந்து வருகின்றன. ஒரு கடைக்காரருக்கோ அவருக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரிக்கோ ஒரு கண்டெய்னர் முழுக்க ஊறுகாய் தேவைப்படாது. நாலு வகையும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரே அளவுப் பெட்டி என்றால் ஒரு தடவை கணக்குப் போட்டு வருஷம் முழுக்க அதன்படியே ஏற்றலாம். ஊறுகாய்ப் பெட்டி கைக்கு அடக்கமானது, ஆனால் கனம். முறுக்குப் பெட்டி ஆளை மறைக்கும், ஆனால் எடையே இல்லை. இரண்டையும் ஒரே பெட்டகத்துக்குள் எப்படி வைப்பது என்று முன்கூட்டியே தாளில் எழுதுவதுதான் லோடு பிளான்.

சென்னையிலிருந்து லண்டனுக்குப் போகும் ஓர் ஆர்டரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஊறுகாய் 400 பெட்டி, நல்லெண்ணெய் 220, மசாலாப் பொடி 100, முறுக்கு 110. ஏற்ற வேண்டியது 20 அடி கண்டெய்னர். உள்ளே நீளம் சுமார் 589 சென்டிமீட்டர், அகலம் 235, உயரம் 239. கதவின் திறப்பு மட்டும் கொஞ்சம் குட்டை, 228 சென்டிமீட்டர்தான். கனஅளவு 33 கன மீட்டர். ஏற்றுமதிக்காரர்கள் இதை சிபிஎம் என்பார்கள்.

அலுவலகத்தில் முதலில் போடுவது இந்த சிபிஎம் கணக்கைத்தான். ஊறுகாய்ப் பெட்டி 30 × 23 சென்டிமீட்டர், உயரம் 25, எடை 12.5 கிலோ. எண்ணெய்ப் பெட்டி 40 × 28, உயரம் 28. ஒரு லிட்டர் பாட்டில் பன்னிரண்டு, எடை 12 கிலோ. மசாலா 40 × 30, உயரம் 30. எடை 11 கிலோ. முறுக்கு 60 × 40, உயரம் 40; எடை 6 கிலோதான். பெருக்கிக் கூட்டினால் 28 சிபிஎம் வருகிறது. 33-இல் 28 போனால் மீதி 5. தாராளமாகப் போகும் என்று கண்டெய்னரை வரவழைத்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கு பெட்டிகளைத் தண்ணீரைப் போல நினைக்கிறது. தண்ணீர் எந்த மூலைக்கும் பாயும். அட்டைப்பெட்டி பாயாது. அகலத்தில் 15 சென்டிமீட்டர் மிஞ்சினால், அந்த 15 சென்டிமீட்டர் கண்டெய்னரின் நீளம் முழுக்க மிஞ்சும். அதில் எதையும் வைக்க முடியாது.

பிளான் இல்லாத கிடங்கில் என்ன நடக்கும்? லாரியிலிருந்து இறங்குகிற வரிசையில் வகைவகையாக ஏற்றுவார்கள். எண்ணுவதற்கு அதுதான் சுலபம், லோடுமேன்களைக் குறை சொல்ல முடியாது. ஊறுகாய் முதலில் வந்தால், கதவுக்கு எதிர்ப்புறம் உள்ள மூடிய சுவரை ஒட்டி ஒன்பது அடுக்கு உயரத்துக்கு ஊறுகாய் மட்டும் ஏறும். அடுத்து எட்டு அடுக்கு எண்ணெய், பிறகு ஏழு அடுக்கு மசாலா, கடைசியில் கதவுப் பக்கம் ஐந்து அடுக்கு முறுக்கு. ஒவ்வொரு வகைக்கும் எவ்வளவு நீளம் பிடிக்கும் என்று கூட்டிப் பார்த்தால் 589 சென்டிமீட்டரைத் தாண்டி அரை மீட்டருக்கு மேல் வெளியே நிற்கிறது. சிபிஎம் கணக்கில் 5 மிச்சம், தரையில் இடம் பற்றாக்குறை! ஒவ்வொரு வகையும் முடியும் இடத்தில் வரிசை அரைகுறையாக நிற்பதும், உயரத்தில் மேலே மிஞ்சுவதும் சேர்ந்துதான் அந்த இடத்தை விழுங்குகின்றன. பிறகு மிஞ்சின முறுக்குப் பெட்டிகளைக் கிடைத்த சந்தில் சாய்த்துச் செருகுவார்கள்.

இடம் எப்படியோ கிடைத்துவிடுகிறது என்றே வைப்போம். எடை இன்னும் மோசமாக நிற்கிறது. மொத்தச் சரக்கில் ஏறத்தாழ 80 சதவீத எடை கண்டெய்னரின் உள்பாதியில், அதாவது மூடிய சுவர்ப் பக்கத்தில் குவிந்துவிடும். கண்டெய்னரின் எந்தப் பாதியிலும் 60 சதவீதத்துக்கு மேல் எடை இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் நெடுநாளாக இருக்கும் விதி. இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்கக் கூடாது. கிரேன் நாலு மூலையிலும் பிடித்துத் தூக்கும்போது ஒருபக்கக் கனம் பெட்டகத்தைச் சாய்க்கும். டிரெய்லரில் ஒரு பக்கத்து அச்சில் பாரம் கூடும், வளைவில் வண்டி தடுமாறும். கதவு சீல் வைத்தபின் உள்ளே எடை எப்படி நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஓட்டுநருக்குத் தெரியாத பாரத்தை அவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

அடிப்பெட்டியின் நிலையும் பரிதாபம்தான். ஒன்பது அடுக்கில் கீழே இருக்கும் ஊறுகாய்ப் பெட்டி மேலே 100 கிலோவைச் சுமக்கிறது. கண்ணாடிப் பாட்டில் ஓரளவு தாங்கும். ஆனால் எட்டு அடுக்கில் கீழே இருக்கும் எண்ணெய்ப் பெட்டி பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துக்கொண்டு 84 கிலோவைத் தாங்க வேண்டும். ஏழு அடுக்கு மசாலாவில் அடிப்பெட்டிமேல் 66 கிலோ. உள்ளே இருப்பதோ பொடிப் பொட்டலம், அது எதையும் தாங்காது, முழுப் பாரமும் அட்டைமேல்தான். கிடங்கில் ஒரு வாரம் அசையாமல் நிற்கும் அட்டை கடலில் அப்படி நிற்காது. காற்றில் ஈரம் ஏறினால் அட்டையின் வலு குறையும். கப்பல் மேலும் கீழும் போகும்போது அதே 66 கிலோ சில நொடிகளுக்கு அதைவிடக் கூடுதலாக அழுத்தும்.

வகைவகையாக நீளவாக்கில் பிரிப்பதற்குப் பதிலாக, உயரவாக்கில் பிரித்தால் இந்த மூன்று கோளாறும் ஒன்றாகத் தீரும். கனமானது தரை முழுக்கப் பரவட்டும், லேசானது மேலே போகட்டும். ஈரச்சரக்கு கீழே, உலர்சரக்கு மேலே என்ற இன்னொரு விதியும் இதோடு பொருந்துகிறது. எண்ணெய் பாட்டில் ஒன்று கசிந்தால் கீழே இருக்கும் ஊறுகாய்ப் பாட்டிலின் லேபிள் கறைபடும், அவ்வளவுதான். எண்ணெய் மேலே இருந்து மசாலா கீழே இருந்தால் பொடி முழுக்கப் போச்சு. ஆகவே வரிசை இது: அடியில் ஊறுகாய் இரண்டு அடுக்கு, அதன்மேல் எண்ணெய் இரண்டு அடுக்கு, மசாலா ஒரே அடுக்கு, உச்சியில் முறுக்கு இரண்டு அடுக்கு. உயரத்தைக் கூட்டினால் 216 சென்டிமீட்டர். கூரைக்கு 239 இருக்கிறதே, இன்னும் ஏற்றலாமே என்று தோன்றும். கதவுத் திறப்பு 228 என்பதை மறக்கக் கூடாது. அதைவிட உயரமாக ஏற்றினால் உள்ளே எல்லா வரிசையும் ஏறும், கதவை ஒட்டிய கடைசி வரிசையின் மேல்பெட்டி மட்டும் கதவின் மேல்சட்டத்தில் இடித்து நிற்கும்.

ஆனால் தாளில் அடுக்காக வரைவதைப் போலவே ஏற்ற முடியாது. தரை முழுக்க ஊறுகாயைப் பரப்பிவிட்டால் ஆட்கள் எங்கே நிற்பார்கள்? பெட்டிமேல் ஏறி மிதித்தால் ஏற்றும் முன்பே சேதம். ஆகவே உள்சுவரிலிருந்து தொடங்கி, குறிப்பிட்ட நீளத்துக்குத் தரையிலிருந்து உச்சிவரை முழுதாகக் கட்டி முடித்து, பிறகு பின்னால் நகர்ந்து அடுத்ததைக் கட்ட வேண்டும். இதைக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். கட்டத்தின் நீளம் நாலு வகைப் பெட்டிக்கும் பொதுவாகப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் மேலடுக்குப் பெட்டி கீழே ஆதாரமில்லாமல் முன்னால் துருத்தும்.

இந்த ஆர்டரில் அந்தப் பொது நீளம் 120 சென்டிமீட்டர். ஊறுகாயை 23 சென்டிமீட்டர் பக்கம் குறுக்காக வரும்படி வைத்தால் அகலத்தில் பத்து நிற்கும், 30 வீதம் நாலு வரிசை 120. எண்ணெய் குறுக்கே எட்டு, 40 வீதம் மூன்று வரிசை 120. மசாலாவைத்தான் கொஞ்சம் யோசித்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தால் அகலத்தில் நிறைய வீணாகும். இரண்டு பத்தியை 40 பக்கம் குறுக்காகவும், ஐந்து பத்தியை 30 பக்கம் குறுக்காகவும் வைத்தால் 230 வருகிறது. முதல் இரண்டில் நாலு நாலு, மற்ற ஐந்தில் மூன்று மூன்று. ஆக 23 பெட்டி, இரண்டு விதப் பத்தியும் சரியாக 120-இல் முடியும். முறுக்கும் அப்படியே: 60 பக்கம் குறுக்காக மூன்று பத்தி, 40 பக்கம் குறுக்காக ஒரு பத்தி, அடுக்குக்கு 11 பெட்டி.

முறுக்கில் அகலம் 220-தான் நிரம்புகிறது. பெட்டியை 57 × 38 என்று கொஞ்சம் சுருக்கினால் குறுக்கே 228 நிரம்பி, அடுக்குக்கு 11-க்குப் பதில் 12 நிற்கும். தனியாக முறுக்கு மட்டும் ஏற்றும் கண்டெய்னருக்கு அதுதான் சரியான அளவு. கலந்து ஏற்றும்போது அதன் வரிசை 114-இல் முடியும், மற்றவை 120-இல் முடியும், கட்டத்துக்குக் கட்டம் ஆறு சென்டிமீட்டர் பின்தங்கிக்கொண்டே போகும். எந்தப் பெட்டி நல்லது என்பதைத் தனியாகச் சொல்ல முடியாது. கூட வருவது எது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

589-இல் 120 வீதம் நாலு கட்டம் போனால் மீதி 109. ஐந்தாவது கட்டம் குட்டை. அதில் ஊறுகாய் மூன்று வரிசை, எண்ணெய் இரண்டு வரிசைதான் பிடிக்கும். இப்போது பிளான் தாள் இப்படி வரும்:

கட்டம் 1 முதல் 4 வரை, ஒவ்வொன்றிலும்: ஊறுகாய் 80, எண்ணெய் 48, மசாலா 23, முறுக்கு 22. ஆக 173 பெட்டி, 1,961 கிலோ.
கட்டம் 5: ஊறுகாய் 60, எண்ணெய் 32, மசாலா 14, முறுக்கு 14. ஆக 120 பெட்டி, 1,372 கிலோ.
மொத்தம்: ஊறுகாய் 380, எண்ணெய் 224, மசாலா 106, முறுக்கு 102. ஆக 812 பெட்டி, 9,216 கிலோ.

ஆர்டரில் கேட்டது 400, 220, 100, 110. இங்கே நிற்பது வேறு எண்ணிக்கை. இந்த வித்தியாசத்தை வாங்குபவரிடம் முன்பே பேசிவிட வேண்டும், ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை. ஊறுகாயில் இருபது குறைத்துக்கொள்ளுங்கள், முறுக்கில் எட்டு குறையும், எண்ணெயில் நாலும் மசாலாவில் ஆறும் கூடத் தருகிறோம் என்றால் பெரும்பாலான வியாபாரிகள் ஒத்துக்கொள்வார்கள். பேசாமல் 400-ஐயே ஏற்றினால் அந்த இருபது ஊறுகாய்ப் பெட்டி மூன்றாவது அடுக்காக எங்கேயாவது ஒரு மேட்டை உண்டாக்கும். அதன்மேல் வைக்கும் எண்ணெய் சமனாக நிற்காது. மசாலாவில் ஆறு பெட்டி குறைந்தால் நடு அடுக்கில் ஒரு பள்ளம், அதற்கு மேலே இருக்கும் முறுக்கு அதில் இறங்கும். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் அடிக்கும் முன்பே பிளான் முடிந்திருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். பிறகு திருத்துவது என்றால் சுங்கத்துக்குப் போன தாள்களையும் திருத்த வேண்டும்.

இப்போது பழைய கேள்விகளை மறுபடி கேட்போம். உள்பாதியில் எடை 52 சதவீதம். முன்பு 80 இருந்தது. எடையின் மையம் கண்டெய்னரின் நடுவிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர்தான் விலகியிருக்கிறது. அடியிலுள்ள ஊறுகாய்ப் பெட்டி சுமப்பது 100 கிலோவிலிருந்து 37-ஆகக் குறைந்தது, எண்ணெய் 84-லிருந்து 28-ஆக, மசாலா 66-லிருந்து 6-ஆக. பெட்டி ஒன்றுகூட மாறவில்லை, அட்டையும் அதே அட்டைதான்.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. அட்டைப்பெட்டியின் வலு அதன் நாலு மூலையில்தான் இருக்கிறது. ஒரே அளவுப் பெட்டிகளை மூலைக்கு மூலை நேராக அடுக்கினால் அந்த வலு முழுதாகக் கிடைக்கும். இங்கே வகை மாறும் இடத்தில் மேல்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுமேல் உட்காரும், மூடி உள்வாங்கும். ஆகவே ஊறுகாய்க்கும் எண்ணெய்க்கும் நடுவில், எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் நடுவில் மெல்லிய பிளைவுட்டோ தடித்த அட்டைத் தகடோ விரிக்க வேண்டும். செலவு மிச்சம் என்று இதை விட்டால், அடுக்கு முறையின் பலனில் பாதி போய்விடும். மரத்தகடு என்றால் பூச்சி ஒழிப்பு விதிகளையும் பார்க்க வேண்டும். பிளைவுட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது இடைவெளி. சர்வதேச கடல்சார் அமைப்பும் உலகத் தொழிலாளர் அமைப்பும் ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையமும் சேர்ந்து 2014-இல் வெளியிட்ட சரக்கேற்ற நெறிமுறை, எந்தத் திசையிலும் இடைவெளிகளின் கூட்டுத்தொகை 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. பெருங்கடலில் கப்பல் உருளும்போது சரக்கின் எடையில் 80 சதவீதம் அளவுக்குப் பக்கவாட்டில் விசை வரலாம் என்று அதே நெறிமுறை கணக்கிடுகிறது. நம் பிளானில் அகலத்தில் ஊறுகாய்க்கு 5, எண்ணெய்க்கு 11, முறுக்குக்கு 15, எல்லைக்குள்தான். கதவுப் பக்கம்தான் ஆபத்து: கீழே 19, மேலே 29, சில இடத்தில் அதற்கும் மேல். இதை அப்படியே விட்டுக் கதவை மூடினால், போய்ச் சேரும் இடத்தில் கதவைத் திறக்கிறவர்மேல் பெட்டி விழும். காற்றுப் பையோ மரச்சட்டமோ வைத்து, சரக்கு கதவில் சாயாதபடி அடைக்க வேண்டும். கூரைக்குக் கீழே இருக்கும் 23 சென்டிமீட்டரை நிரப்பத் தேவையில்லை. ஆனால் குளிர்ந்த பகுதிக்குள் கப்பல் நுழையும்போது கூரையில் ஈரம் கோத்துச் சொட்டும். உச்சியில் இருப்பது முறுக்கு என்பதால் மேலே ஒரு விரிப்பும் ஈரம் உறிஞ்சும் பைகளும் அவசியம்.

தாளில் இருக்கும் அளவு பெட்டியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெட்டிக்கு இல்லை. பொடி அடைத்த பெட்டி வயிறு தள்ளும். 30 சென்டிமீட்டர் பெட்டி 31 ஆனால், குறுக்கே ஏழு பத்தியில் ஏழு சென்டிமீட்டர். இருந்த ஐந்து போய் இரண்டு சென்டிமீட்டர் இடிக்கும். கடைசிப் பத்தி உள்ளே போகாது, யாராவது காலால் உதைத்து ஏற்றுவார்கள். ஆகவே பிளான் போடுகிறவர் பெட்டி செய்தவரின் அளவுச்சீட்டை நம்பாமல், சரக்கு அடைத்து டேப் ஒட்டிய பத்துப் பெட்டிகளை நிற்க வைத்து அளக்க வேண்டும். அவற்றையே தராசிலும் ஏற்றிச் சராசரி எடுத்துக்கொள்ளலாம். பிளானில் தவறு இருந்தால் முதல் கட்டத்திலேயே தெரிந்துவிடும்: 120 சென்டிமீட்டரில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தால், பெட்டிகள் அந்தக் கோட்டைத் தாண்டுகின்றனவா என்று பார்த்தால் போதும். நாலாவது கட்டத்தில் தெரிந்தால் முழுதையும் இறக்க வேண்டும்.

எடையை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் உடைந்த எம்.எஸ்.சி. நாப்போலி கப்பல் சாட்சி. அதன் மேல்தளத்தில் நனையாமல் இருந்த 660 கண்டெய்னர்களைப் பிரிட்டிஷ் விசாரணையாளர்கள் எடைபோட்டபோது, 137-இல் சொன்ன எடைக்கும் இருந்த எடைக்கும் மூன்று டன்னுக்கு மேல் வித்தியாசம். கப்பல் உடைந்ததற்கு அது மட்டும் காரணமில்லை, வடிவமைப்புக் குறையும் உண்டு. ஆனாலும் 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைச் சொல்லாத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலக விதி. நம் கணக்கில் சரக்கு 9,216 கிலோ, தகடுகளும் அடைப்பும் சுமார் 150, வெற்றுக் கண்டெய்னர் சுமார் 2,250. அது கதவிலேயே எழுதியிருக்கும். மொத்தம் 11,600 கிலோவை ஒட்டி எடைமேடை காட்ட வேண்டும். ஆயிரம் கிலோ தள்ளி நின்றால் எங்கோ பெரிய பிழை. ஆனால் ஐந்து பெட்டி குறைந்ததை எடைமேடை காட்டாது. பெட்டிக்கு 200 கிராம் ஏறி இறங்கினாலே 812 பெட்டியில் 160 கிலோ ஆகிவிடுகிறது.

அதனால் எண்ணிக்கையைக் கட்டத்துக்குக் கட்டம்தான் பிடிக்க வேண்டும். ஒரு கட்டம் முடிந்ததும் வேலையை ஒரு நிமிடம் நிறுத்தி, வகைவாரியாக எண்ணி, 173 வந்ததா என்று பார்த்து, கட்ட எண் தெரியும்படி படம் எடுத்துவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். ஏற்றுகிறவர் ஒருவர், எண்ணுகிறவர் வேறொருவர் என்று இருப்பது நல்லது. லண்டன் கிடங்கில் கதவைத் திறப்பவர்களுக்கு நாலு வகையும் கலந்து வருவது தலைவலிதான். இறக்கும்போதே நாலு இடமாகப் பிரிக்க வேண்டும், கூடுதல் ஆளும் நேரமும் பிடிக்கும். அதே பிளான் தாளை அவர்களுக்கும் முன்கூட்டி அனுப்பினால், ஐந்தாவது கட்டத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே இறக்கலாம். மசாலாவில் ஒரு பெட்டி குறைகிறது என்று அவர்கள் சொன்னால், 812 பெட்டியையும் பற்றிச் சண்டை வேண்டாம். எந்தக் கட்டத்தில் 23-க்குப் பதில் 22 வந்தது என்று கேட்டு, அந்தக் கட்டத்தின் படத்தை எடுத்துப் பார்த்தால் போதும்.